அறுபதுக்கு மேல் கன்னடம்: கண்ணுக்குப் புரிவது காதுக்கு ஏன் எட்டவில்லை?

கேள்வி: எனக்கு 64 வயது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மகன் குடும்பத்தோடு இருக்கத் திருச்சியிலிருந்து பெங்களூரு வந்து ஓராண்டு ஆகிறது. எட்டு மாதமாகப் புத்தகம் வைத்துக் கன்னடம் படிக்கிறேன். படித்தால் ஓரளவு புரிகிறது. கடையில் யாராவது பேசினால் ஒன்றும் பிடிபடவில்லை. பதில் சொல்லப் போனால் தெரிந்த சொல்லும் வாயில் வருவதில்லை. இந்த வயதில் இனி வராதா, அல்லது நான் படிக்கும் முறை தவறா?

பதில்:

உங்கள் சிக்கலில் மூன்று தனித்தனிக் காரணங்கள் கலந்திருக்கின்றன. முதலாவது, புத்தகக் கன்னடத்துக்கும் கடைவீதிக் கன்னடத்துக்கும் இடையே உள்ள தூரம். இதற்கும் வயதுக்கும் தொடர்பில்லை. இருபது வயதுக்காரரும் இதே சுவரில்தான் முட்டிக்கொள்வார். இரண்டாவது, காது. மூன்றாவது, தெரிந்த சொல்லை உரிய நொடியில் எடுத்துக் கொடுக்கும் வேகம். பின்னிரண்டிலும் வயதுக்குப் பங்கு உண்டு. பிள்ளைகளோடு இருக்கப் பெங்களூரு வந்த தமிழ்ப் பெற்றோருக்குப் பல ஆண்டுகளாகக் கன்னடம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களில் பெரும்பாலோர் உங்கள் வயதை ஒட்டியவர்கள் என்பதால், பொதுவாகப் பேசாமல் கன்னடத்தையே எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

உங்களிடம் எது குறையவில்லை என்பதிலிருந்து தொடங்குவோம். ஜோஷுவா ஹார்ட்ஷார்ன், லாரா ஜெர்மைன் என்ற இரு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, மனத்தின் திறன்கள் எல்லாம் ஒரே வயதில் உச்சம் தொட்டு ஒன்றாக இறங்குவதில்லை என்று காட்டியது. தகவலைக் கையாளும் வேகம் பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது; சொல்லறிவோ அறுபதுகளிலும் அதற்குப் பின்னும்கூட உயர்ந்து நிற்கிறது. உங்கள் தொழில் மொழியில் சொன்னால், பெட்டகத்தில் இருப்பு முன்னைவிட அதிகம்; கவுன்ட்டரில் பட்டுவாடாதான் மெதுவாக நடக்கிறது. கன்னடம் கற்கும் தமிழருக்கு இந்த இருப்பு சாதாரணமானதன்று, ஏனெனில் கன்னடச் சொற்களில் பெரும்பகுதி தமிழ்ச் சொற்களின் உடன்பிறப்புகள். வாழ்நாள் முழுவதும் சேர்த்த தமிழ்ச் சொல்வளம், குறிப்பாக இன்று வழக்கில் குறைந்துவிட்ட சொற்களின் அறிவு, இளைஞரைவிட உங்களுக்குத்தான் அதிகம் இருக்கும். கன்னடத்தில் ‘ஓது’ என்றால் படி, ‘பரெ’ என்றால் எழுது, ‘மனெ’ என்றால் வீடு. ஓதுதல், வரைதல், மனை என்ற சொற்கள் உங்களுக்கு இயல்பாக நினைவில் எழும். உங்கள் பேரனுக்கு எழாது.

இந்த உறவு குருட்டாம்போக்கில் அமைந்ததன்று. அதற்கு ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொள்வதே மூத்த மாணவருக்கு மிகப் பொருத்தமான முதற்படி என்பது என் கருத்து. பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் இருந்த ‘ப’, காலப்போக்கில் ‘ஹ’ ஆகிவிட்டது. அதனால் பால் ‘ஹாலு’, பத்து ‘ஹத்து’, பல் ‘ஹல்லு’, பூ ‘ஹூவு’, பெண் ‘ஹெண்ணு’, பழைய ‘ஹளெய’, பாடு ‘ஹாடு’. தமிழில் முதலில் ‘வ’ வரும் இடத்தில் கன்னடத்தில் உதடு ஒட்டி அதிரும் ‘ப’ வரும், அதாவது ‘கம்பம்’ என்ற சொல்லில் இரண்டாவதாக வரும் ‘ப’வின் ஒலி. வா என்பது ‘பா’, வாய் ‘பாயி’, வாழை ‘பாளெ’, வெல்லம் ‘பெல்ல’, வெண்ணெய் ‘பெண்ணெ’, வேண்டும் ‘பேகு’. தமிழில் இ, எ போன்ற உயிர்களுக்கு முன் ‘ச’ ஆகிவிட்ட பழைய ‘க’ கன்னடத்தில் அப்படியே நிற்கிறது: செவி ‘கிவி’, சேரி ‘கேரி’, சிவப்புக்குக் ‘கெம்பு’. ழகரம் கன்னடத்தில் ளகரமாகிவிட்டது: மழை ‘மளெ’, கோழி ‘கோளி’, ஏழு ‘ஏளு’. இந்த நான்கு மாற்றங்களை மனத்தில் பதித்துக்கொண்டால், சமையலறையில் இருக்கும் பாதிப் பொருள்களின் பெயரை அகராதி இல்லாமலே ஊகிக்கலாம். ளகர லகர வேறுபாடு வடமாநிலத்தார் பலரைப் படாதபாடு படுத்தும். ‘ஹுளி’ என்றால் புளிப்பு, ‘ஹுலி’ என்றால் புலி. தமிழருக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது.

ஆனால் இந்த வலிமையே வழுக்கும் இடங்களும் உண்டு. என்னிடம் படித்த ஒருவர், விதியைக் கற்ற மகிழ்ச்சியில் பாத்திரத்துக்கு ‘ஹாத்ரெ’ என்றார். கன்னடத்தில் அது ‘பாத்ரெ’தான். ப–ஹ மாற்றம் பழைய திராவிடச் சொற்களில் நிகழ்ந்தது. வடமொழியிலிருந்து வந்த சொற்களும் பிறகு வந்து சேர்ந்த சொற்களும் பெரும்பாலும் ‘ப’வோடு நிற்கும். திராவிடச் சொற்களிலும் விலக்குகள் உண்டு. படை என்பது ‘படெ’தான். எனவே இவ்விதிகளைக் கேட்கும்போதும் படிக்கும்போதும் பொருளை ஊகிக்கப் பயன்படுத்துங்கள். பேசும்போது அவற்றைக் கொண்டு புதுச்சொல் உருவாக்காதீர்கள். ஒரு சொல்லை யாராவது சொல்லிக் கேட்ட பிறகே உங்கள் சொல்லாக்கிக் கொள்ளுங்கள்.

இதைவிட ஆழமான குழி ஒன்று இருக்கிறது. எட்டு மாதமாக நீங்கள் படித்த புத்தகம், கன்னடத்தைத் தமிழ் எழுத்தில் கொடுக்கும் புத்தகமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் கண்ணுக்கும் காதுக்கும் இடையே விரிசல் விழுந்தது அங்கேதான். தமிழ் எழுத்து க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒரே வடிவம் வைத்திருக்கிறது. வன்மையாக ஒலிப்பதா, அதிர்ந்து ஒலிப்பதா என்பதைச் சொல்லில் அது நிற்கும் இடம் முடிவு செய்கிறது. கன்னடத்தில் அவை வெவ்வேறு எழுத்துகள். மாற்றி ஒலித்தால் சொல்லே மாறிவிடும். ‘ஹத்து’ என்பதை வல்லின ‘த்த’வோடு சொன்னால் பத்து; ‘பந்து’ என்பதில் வரும் ‘து’வை இரட்டித்தாற்போல் அதிர்த்திச் சொன்னால் பருந்து. ‘முத்து’ என்பதை ஒரு வகையில் சொன்னால் முத்து, மற்ற வகையில் சொன்னால் செல்லம். ‘கடி’ என்பதை நம் ‘கடி’ போலச் சொன்னால் கடித்தல். முதல் எழுத்தை ‘கங்கை’யின் இரண்டாவது ககரம்போல் ஒலித்தால் எல்லை. தமிழ் எழுத்தில் இந்த இணைகளுக்கு இடையே வேறுபாடே தெரியாது. நான் இந்தப் பதிலில் எழுதும் கன்னடச் சொற்களுக்கும் இதே குறை உண்டு. சற்றுமுன் எழுதிய ‘பெண்ணெ’யைப் பாருங்கள், வெண்ணெய் கேட்பது யாரோ ஒரு பெண்ணை விளிப்பதுபோல் கண்ணில் படுகிறது.

அறுபதுக்கு மேற்பட்டவர் எதைக் கண்ணால் பார்த்தாரோ அதையே காதால் எதிர்பார்ப்பார். குழந்தை காதால் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்ளும்; நமக்கோ எழுத்து நடுவில் வந்து நிற்கிறது. எழுத்தை விரட்ட முடியாது, எனவே சரியான எழுத்தைக் கற்றுவிடுவதே வழி. கன்னட எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பல வகுப்புகளில் சொல்வார்கள். மூத்தோரைப் பொறுத்தவரை அது தவறான அறிவுரை என்று நினைக்கிறேன். உயிர்மெய் அமைப்பு தமிழைப் போன்றதே என்பதால், நாளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் மூன்று நான்கு வாரத்தில் தடுமாறித் தடுமாறியாவது படிக்க வந்துவிடும். மூச்சுக்காற்றோடு ஒலிக்கும் வர்க்க எழுத்துகளை முதலில் அடையாளம் கண்டால் போதும். அவற்றை ஒலிப்பதில் நேரம் செலவிட வேண்டாம், பேச்சில் கன்னடியர் பலரும் அவற்றை மெலித்தே சொல்கிறார்கள். பேருந்துகளின் ஊர்ப்பலகையும் கடைப்பெயர்களும் இதற்கு நல்ல பாடநூல், ஏனெனில் அவற்றில் பாதி உங்களுக்கு முன்பே தெரிந்த பெயர்கள். எழுத்தை மட்டும் சரிபார்த்தால் போதும்.

இனிப் புத்தகத்துக்கும் பேச்சுக்கும் உள்ள தூரத்துக்கு வருவோம். தமிழ் கற்கும் ஒருவர் ‘போகிறேன்’ என்று படித்துவிட்டுத் தெருவில் ‘போறேன்’ என்று கேட்டால் எப்படி விழிப்பாரோ, அப்படித்தான் நீங்கள் விழித்துக்கொண்டிருக்கிறீர்கள். புத்தகம் ‘ஹோகுத்தேனெ’ என்கிறது. பெங்களூருவில் காதில் விழுவது ‘ஹோக்தீனி’. ‘பருத்தேனெ’ என்பது ‘பர்தீனி’ ஆகிறது. ‘மாடுத்தாரெ’ என்பது ‘மாட்தாரெ’ ஆகிறது. நடுவில் உள்ள உயிர் விழுந்து, மெய்கள் ஒட்டிக்கொள்கின்றன. இதற்கு மேல், பேச்சில் பலரும் சொல்லின் முதலில் உள்ள ‘ஹ’வை விட்டுவிடுகிறார்கள். ‘ஹாலு’ என்பது ‘ஆலு’ என்றும், ‘ஹோகி’ என்பது ‘ஓகி’ என்றும் கேட்கும். ‘ஹக்கி’ என்றால் பறவை, ‘அக்கி’ என்றால் அரிசி. ‘ஹ’ விழுந்துவிட்டால் சூழலை வைத்தே தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் ‘ஹ’வை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது அவர் அதைச் சொல்வதே இல்லை என்றால், குற்றம் காதுடையதன்று. எனவே இன்றே ஒன்று செய்யுங்கள்: புத்தகத்தில் உள்ள வினைச்சொற்களில் அடிக்கடி வரும் இருபதை எடுத்து, மருமகளிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ ‘நீங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்’ என்று கேட்டு, அந்த வடிவத்தைக் கன்னட எழுத்திலேயே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையே உங்கள் எட்டு மாதப் படிப்பில் பாதியை மீட்டுக்கொடுக்கும்.

அடுத்தது காது. வயதோடு வரும் கேட்புக் குறைவு உயர்ந்த அதிர்வெண்களில்தான் முதலில் தொடங்குகிறது. உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் அவை நன்றாகக் கேட்கும். மெய்களைப் பிரித்துக் காட்டும் நுண்ணிய ஓசைகள், குறிப்பாக ச, ஸ போன்றவை, மங்கிவிடும். ‘சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை’ என்று மூத்தோர் சொல்வது இதைத்தான். தமிழில் பேசும்போது இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. பாதி ஒலி விழுந்தாலே மீதியை அறுபதாண்டுப் பழக்கம் நிரப்பிவிடுகிறது. கன்னடத்தில் நிரப்பிக்கொள்ள உங்களிடம் இருப்பு இல்லாததால் அதே காது செவிடுபோல் தோன்றுகிறது. சந்தையின் இரைச்சலில் வேற்றுமொழி கேட்பது எந்த வயதினருக்கும் தாய்மொழியைவிடக் கடினம். வயது அதைக் கூட்டுகிறது.

இதனால், தமிழ் நன்றாகக் கேட்கிறது என்பதை வைத்துக் காது நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். ஆடியாலஜிஸ்ட் ஒருவரிடம் கேட்புச் சோதனை செய்துகொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைகிறது என்று வரைபடமாகக் காட்டிவிடுவார். குறைவு இருந்தால் அதைக் கவனித்துவிட்டு மொழிப் பயிற்சியைத் தொடர்வது நல்லது. கேட்காத ஒலியை எத்தனை முறை பயின்றாலும் கேட்கப் போவதில்லை. பயின்றவருக்குத்தான் தன்மேல் வெறுப்பு வரும்.

மூன்றாவது, வாயில் வராத சொல். இது மறதி என்று பலர் அஞ்சுகிறார்கள். சொல்லின் பொருள் தெரிகிறது, யாராவது சொன்னால் ‘ஆமாம், அதுதான்’ என்கிறோம், ஆனால் ஒலி வடிவம் மட்டும் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. வயதோடு இது கூடுவது இயல்பு. முதலில் ஆட்பெயர்களிலும், அரிதாகப் பயன்படுத்தும் சொற்களிலும் தெரியும். புதுமொழியில் எல்லாச் சொல்லும் அரிதாகப் பயன்படுத்திய சொல்தான் என்பதால் அங்கே இது பளிச்சென்று தெரிகிறது. உங்கள் படிப்பு முறை இதற்கு உதவவில்லை. புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது, கண்டால் அடையாளம் தெரியும் திறன்தான் வளர்கிறது. காணாதபோது எடுத்துத் தரும் திறன் வேறு, அதைத் தனியாகப் பயில வேண்டும். ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். சரியாகச் சொல்லிவிட்ட சொல்லையும் நினைவிலிருந்து மறுபடி மறுபடி எடுத்துச் சொன்னவர்கள் ஒரு வாரம் கழித்துச் சுமார் 80 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். ஒருமுறை சொல்லிவிட்ட சொல்லை மேலும் எடுத்துச் சொல்லாமல், பார்த்துப் படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களோ மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நினைவில் வைத்திருந்தார்கள். அவர்கள் இளைஞர்கள்தான், ஆனால் எடுத்துச் சொல்லிப் பார்க்கும் பயிற்சி மூத்தோருக்கும் பயன் தருகிறது.

இதை நடைமுறையில் நான் செய்யச் சொல்லும் முறை எளியது. தபால் அட்டையில் பாதி அளவுக்கு அட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் தமிழில் ஒரு நிலைமையை எழுதுங்கள். சொல்லை எழுத வேண்டாம். ‘வெங்காயம் அரைக் கிலோ கேட்கிறேன்’ என்பது போல. மறுபக்கத்தில் கன்னட எழுத்தில் ‘ஈருள்ளி அர்த கேஜி கொடி’ என்ற முழு வாக்கியம். தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்ப வேண்டும். பத்து நொடிக்குள் வரவில்லை என்றால் திருப்பிப் பார்த்துவிடுங்கள். நெடுநேரம் திணறினால் அந்தத் திணறலே பழகிப்போய் அடுத்த முறையும் அதே இடத்தில் நிற்க நேரும். பார்த்தபின் ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள். ஒரு நாளுக்குப் புதிதாக ஐந்து அட்டைகளுக்கு மேல் வேண்டாம். புதிய அட்டையை அன்று மாலை, மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினைந்தாம் நாள், பின் ஒரு மாதம் கழித்து என்று எடுத்துப் பாருங்கள். எங்கே தவறுகிறதோ அங்கிருந்து முதல் நாளுக்குத் திருப்புங்கள். புதிய அட்டைகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதினர் பெரும்பாலோருக்கு மாலையைவிடக் காலையில் கவனம் நன்றாக நிற்கிறது.

முழு வாக்கியமாகப் பயிலச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேசும்போது சொல்லைத் தேடி, உருபைச் சேர்த்து, வினைமுடிவைப் பொருத்தி, எதிரே இருப்பவரின் முகத்தையும் பார்ப்பது ஒரே நேரத்தில் பல பந்துகளைப் பிடிப்பது போன்றது. வயதாக ஆகக் கையில் நிற்கும் பந்துகளின் எண்ணிக்கை குறைகிறது. வாக்கியம் முழுதாக ஊறியிருந்தால் அது ஒரே பந்து. அதிலும் நேரம் வாங்கித் தரும் வாக்கியங்களை முதல் வாரத்திலேயே ஊறவைத்துவிட வேண்டும். ‘இன்னொம்மெ ஹேளி’ என்றால் இன்னொரு முறை சொல்லுங்கள். ‘ஸ்வல்ப நிதானவாகி ஹேளி’ என்றால் கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: ‘ஹேளி’ என்றால் சொல்லுங்கள், ‘கேளி’ என்றால் கேளுங்கள். முதல் எழுத்தை மாற்றிவிட்டால், நீங்கள் விளக்கம் கேட்க, அவரோ நீங்கள் ஏதோ சொல்லப் போவதாக எண்ணி வாய் திறக்காமல் காத்திருப்பார்.

இவை எல்லாம் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒருவரின் கதையால் காட்டுகிறேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த 67 வயதுப் பெண்மணி அவர். உங்களைப் போலவே படிப்பார், கேட்டால் புரியாது. அவருடைய தேவை ஒன்றே ஒன்று: காய்கறி வண்டிக்காரர் சொல்லும் விலை புரிய வேண்டும், மீதிச் சில்லறைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. எனவே மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். 20 எண்களைக் கலைத்துப்போட்டு நான் சொல்ல, அவர் இலக்கத்தில் எழுதினார். பதினொன்று சரி.

தவறுகளைப் பார்த்தபோது அவை சிதறிக் கிடக்கவில்லை, மூன்று இடங்களில் குவிந்திருந்தன. முதலாவது, ‘எப்பத்து’ எழுபது, ‘எம்பத்து’ எண்பது. இவ்விரண்டையும் மாற்றி எழுதியிருந்தார். இரண்டாவது, ‘இப்பத்து’ இருபது. அதையும் எழுபதோடு குழப்பியிருந்தார். மூன்றாவது, ‘ஒம்பத்து’ ஒன்பது, ‘தொம்பத்து’ தொண்ணூறு, ‘ஹத்தொம்பத்து’ பத்தொன்பது. ‘ஹ’ விழுந்துவிட்டால் பத்தொன்பதும் தொண்ணூறும் முதல் அசையில் மட்டுமே வேறுபடும். அதே 20 எண்களை அதே அறையில் தமிழில் சொன்னபோது எல்லாம் சரியாக எழுதினார். இருந்தும் கேட்புச் சோதனைக்குப் போகச் சொன்னேன். இரண்டு காதிலும் உயர் அதிர்வெண்ணில் சிறிய குறைவு, இப்போதைக்குக் கருவி தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஆக, பெரும்பகுதி மொழி, சிறுபகுதி காது.

முதல் வாரம் அந்த மூன்று குவியல்களை மட்டும் பயின்றார். எழுபதுக்கும் எண்பதுக்கும் உள்ள வேறுபாட்டை ‘எந்த எண்’ என்று கேட்காமல் ‘மூக்கில் ரீங்காரம் இருந்ததா’ என்று கேட்டோம். எண்பதில் மகரம் மூக்கில் ஒலிக்கும், எழுபதில் உதடு இறுக மூடித் திறக்கும். எதைக் கவனிப்பது என்று சொல்லிக்கொடுத்தால் மூத்தவர்கள் விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கேட்டுக்கேட்டுத் தானாக வரும் என்று விட்டால் அவர்களுக்கு வருவதில்லை. இதுதான் இளையோருக்கும் அவர்களுக்கும் இடையே நான் கண்ட பெரிய வேறுபாடு.

இரண்டாம் வாரம் குரல்களை மாற்றினோம். மருமகள், மேல்வீட்டுப் பெரியவர், காவலாளி என்று மூன்று பேர் கைப்பேசியில் எண்களைப் பதிந்து கொடுத்தார்கள். ஒரே குரலில் பயின்றால் அந்தக் குரல்தான் புரியும். ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளை, நம் ‘ர’வையும் ‘ல’வையும் போன்றவற்றை, பிரித்துக் கேட்கப் பயிற்றிய ஆய்வுகளிலும் பலர் குரலில் பயின்றதே புதியவர் பேச்சுக்கும் கைகொடுத்தது. முதலில் அமைதியான அறையில், பதிவின் வேகத்தை 0.75x என்று குறைத்து. இருபதில் பதினெட்டு சரியானதும் இயல்பான வேகத்தில். பிறகு மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிட்டு. ஒவ்வொரு படியிலும் பதினெட்டைத் தொட்ட பிறகே அடுத்த படி. நாளுக்குப் பதினைந்து நிமிடம், காலையில். இரைச்சல் படியில் மட்டும் அவருக்கு ஒன்பது நாள் பிடித்தது. இளையவர் ஒருவருக்கு மூன்று நாளில் முடிந்திருக்கலாம்.

நான்காம் வாரம் வண்டிக்காரரிடம் போனார். அங்கேயும் ஒரு தந்திரம் செய்தோம். ‘எஷ்டு?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தால் எந்த எண்ணும் வரலாம். அதனால் முந்தைய நாள் விலையைத் தெரிந்துகொண்டு, ‘ஈருள்ளி கேஜி நலவத்தா?’ என்று, அதாவது வெங்காயம் கிலோ நாற்பதா என்று கேட்கச் சொன்னேன். பதில் ‘ஹௌது’ அல்லது ‘இல்லா, ஐவத்து’ என்று வரும். எதிர்பார்க்கும் வட்டம் சுருங்கிவிடுகிறது. அவருடைய காதுக்கும் நினைவுக்கும் அது பாதிச் சுமையைக் குறைத்தது. முதல் நாள் வண்டியில் மூன்று விலைகளில் இரண்டு புரிந்தன. கொத்தமல்லிக் கட்டின் விலை மட்டும் புரியாமல் ‘இன்னொம்மெ ஹேளி’ என்றிருக்கிறார்; வண்டிக்காரர் பத்து விரலையும் விரித்துக் காட்டியிருக்கிறார்.

எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கன்னடத்தில் தமிழ் வாடை இருக்கும். அது போகாது, போக்க முயல்வதில் நேரத்தை வீணாக்காதீர்கள். விதிவிலக்கு ஒன்று மட்டும்: சொல்லை மாற்றிவிடும் வல்லொலி, மெல்லொலி வேறுபாடுகளைத் திருத்திக்கொள்ளத்தான் வேண்டும். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும் இடம் நெடுநாள் பிடிபடாது. தொலைபேசி நேர்ப்பேச்சைவிடக் கடினமாகவே இருக்கும், ஏனெனில் சாதாரண அழைப்புகளில் உயர் அதிர்வெண்கள் வெட்டப்படுகின்றன, எதிரில் உதடும் தெரிவதில்லை. எரிவாயு உருளைக்கோ தண்ணீர் லாரிக்கோ கன்னடத்தில் போன் செய்வதைக் கடைசிப் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். கன்னடம் கற்றால் முதுமை மறதி நோய் தள்ளிப்போகும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி இறங்க வேண்டாம். ஹைதராபாதில் 648 நோயாளிகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், இருமொழி பேசுவோருக்கு நோய் நான்கரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியது தெரிந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் நெடுங்காலமாக இரு மொழிகளில் புழங்கியவர்கள். அறுபதில் புதுமொழி தொடங்கியவருக்கு அந்தக் கணக்கை அப்படியே நீட்ட முடியாது.

நீங்கள் எப்படியும் எதிர்கொள்ளப் போகும் இன்னொரு தடை பெங்களூருவுக்கே உரியது. நீங்கள் ‘ஈருள்ளி’ என்று வாய் திறந்ததுமே, உச்சரிப்பைக் கேட்ட கடைக்காரர் ‘என்ன சார் வேணும்?’ என்று தமிழுக்கு மாறிவிடுவார். உதவும் எண்ணத்தில்தான் மாறுகிறார். ஆனால் அத்தோடு அன்றைய பயிற்சி முடிந்துவிடும். அதற்கும் ஒரு வாக்கியத்தை அட்டையில் எழுதி ஊறவைத்துக்கொள்ளுங்கள்: ‘கன்னடதல்லே மாதாடி, கலீதா இத்தீனி’. கன்னடத்திலேயே பேசுங்கள், கற்றுக்கொண்டிருக்கிறேன் என்பது பொருள். ‘மாதாடி’யின் தகரமும் டகரமும், ‘இத்தீனி’யில் வரும் ‘த்த’வும் எந்த வகை ஒலி என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது, மருமகளிடம் ஒருமுறை சொல்லிக்காட்டித் திருத்திக்கொண்டு, கூட்டமில்லாத காலை நேரத்தில், ஒரே கடையாகப் பார்த்துப் போங்கள்.